குலுக்கலில் கடைசியாக வந்த டிவிஷன்

கர்ட்டிஸ் வாண்டிவரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை பேச ஆரம்பித்தால் சார்ஜென்ட் கிளெண்டா ஹோபர்ட்டுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும். காப்பி ஆறிப்போயிருக்கும், வண்டிச் சாவியைத் தேட வேண்டியிருக்கும், இல்லையென்றால் இருமலாவது வரும். பெல்போர்ட் நகரப் போலீஸில் அவளுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஐந்தாவது டிவிஷனில் பகல் ஷிஃப்ட் முழுவதும் அவள் சொல் கேட்டு நடக்கிறது. துப்பாக்கி, தடி, மிளகு ஸ்ப்ரே எல்லாவற்றிலும் கை தேர்ந்தவள். ஆனால் இந்த ஒரு பெயரைக் கேட்டால் மட்டும் வயிற்றில் எரிச்சல் கிளம்பி நெஞ்சுவரை வந்துவிடும். அதை அமிலத் தொந்தரவு என்று சொல்லி மாத்திரையும் சாப்பிட்டுவந்தாள்.

அவள் புருஷன் டேல் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். ஒரு நாள் மாத்திரை டப்பாவை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வாண்டிவருக்கு மருந்து இருக்குன்னு எங்கயும் போடலயே" என்றான். கிளெண்டா டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அவளுடைய அப்பா ஆற்றங்கரையில் மதுக்கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கேதான் கிடப்பாள். பாட்டிலை உடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறவனை அப்பா எப்படிச் சமாளிப்பார் என்பதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தாள். அவர் கிட்டே போகமாட்டார், கத்தமாட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று துணியால் கண்ணாடி தம்ளரைத் துடைத்துக்கொண்டே, தனக்கு ஒரு அவசரமும் இல்லை என்று சொல்வார். பெரும்பாலும் அந்த ஆள் கொஞ்ச நேரம் கத்திவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிடுவான். போலீஸில் சேர்ந்தபோது அகாடமியில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே தரையில் எப்படி அமுக்குவது, கையை எப்படி முறுக்குவது என்றுதான் மாதக்கணக்கில் பயிற்சி. அப்பாவிடம் கற்றதை அவள் தெருவில் பயன்படுத்தினாள். அப்போது அவளோடு ஒரே ரோந்து வண்டியில் போனவன்தான் கர்ட்டிஸ்.

ஒரு மதியம், காசு போட்டுத் துணி துவைக்கும் சுயசேவை லாண்டிரி ஒன்றிலிருந்து அழைப்பு. உள்ளே ஒருவன் பெரிய ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக்கொண்டு தன் அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். அண்ணன் செத்து வெகுநாளாகியிருந்தது. கர்ட்டிஸ் அப்போது சின்னப் பையன் மாதிரி, துப்பாக்கியை உருவிவிட்டான், கை நடுங்கியது. கிளெண்டா அவன் தோளைப் பிடித்து இழுத்து, துணி மடிக்கும் நீள மேஜைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, அப்பாவின் வாக்கியத்தைச் சொன்னாள்: "எனக்கு ஒரு அவசரமும் இல்ல. நீயும் நானும் இன்னிக்குப் பூரா இங்கயே நிக்கலாம்." அந்த ஆள், துணி உலர்த்தும் டிரையர் ஓடி நிற்கிற நேரம்வரை நின்றான், பிறகு ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டு அழுதான். வண்டியில் திரும்பும்போது கர்ட்டிஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்கு எல்லாம் மனதில் பதிந்துகொண்டிருந்திருக்கிறது, அதுதான் விஷயம்.

கர்ட்டிஸ் லெஃப்டினென்ட் ஆனான். மேற்படிப்புப் படித்தான். பதற்றம் தணிக்கும் பயிற்சி என்று நாட்டில் பல நகரங்களில் வந்துகொண்டிருந்ததைப் பெல்போர்ட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்று போலீஸ் தலைமை அதிகாரியிடம் எழுதிக்கொடுத்தான். அதோடு இலாகாவின் கையேட்டில் பலப்பிரயோகத்துக்குப் புதிதாக ஒரு விதியும் சேர்ந்தது. அரசியல் சாசனப்படி கோர்ட்டு கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த இடத்தில், அந்த நொடியில் நின்ற நியாயமான ஒரு போலீஸ்காரர் இப்படிச் செய்திருப்பாரா? பின்னால் உட்கார்ந்து யோசித்துக் குறை சொல்லக்கூடாது. புதிய விதி அதற்கு மேலே போனது. பயன்படுத்தும் பலம் எதிரே இருக்கும் ஆபத்தின் அளவுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும், அதைவிடக் குறைவான வழி ஒன்று அதே பாதுகாப்போடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். கோர்ட்டு மன்னித்துவிடும் காரியத்துக்கும் இலாகா தண்டனை கொடுக்கலாம். போலீஸ் சங்கத்துக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது.

பயிற்சிக்குத் தனிப் பிரிவு ஆரம்பிக்கப்போகிறார்கள், அதற்குக் கேப்டன் பதவி உண்டு என்று பேச்சு வந்தது. கிளெண்டா அதற்கு மனுப் போட்டாள். கர்ட்டிஸும் போட்டான். பயிற்சி பலித்தால் பதவி அவனுக்கு என்பது துப்புரவுப் பணியாளர்வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பலித்ததா இல்லையா என்று சொல்லப் பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் நெல் ஆஷ்கிராஃப்ட் வந்தாள். ஒல்லியான பெண், பேசும்போது பேனாவை மூடி மூடித் திறப்பாள். ஐந்து டிவிஷனுக்கும் ஒரே நாளில் பயிற்சி கொடுத்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது என்று அவள் கேட்டாள். அதனால் ஒவ்வொரு டிவிஷனாக, இடைவெளி விட்டு. எது முதலில் என்று குலுக்கிப்போட்டுத் தீர்மானிக்க வேண்டும், யாருக்கும் பிடித்தம் பார்க்கக்கூடாது. தன் முறை வரும்வரை ஒவ்வொரு டிவிஷனும் பழையபடியே இருக்கும், பயிற்சி பெற்றவற்றுக்கு அதுதான் ஒப்பீடு. மாதாமாதம் பலப்பிரயோக அறிக்கைகளை எண்ணுவார்கள், துப்பாக்கியை நீட்டியதையும் சேர்த்து. காயம்பட்ட பொதுமக்களையும் போலீஸ்காரர்களையும் எண்ணுவார்கள். வகுப்பு முடிந்ததும் போலீஸ்காரர்கள் நன்றாக இருந்தது என்று மதிப்பெண் போடுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை என்றாள். பிடித்திருந்தால் போதாது, தெருவில் மாற வேண்டும். அந்த ஒரு பேச்சுக்காகவே கிளெண்டாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, ஏனென்றால் கர்ட்டிஸுக்கு மதிப்பெண் வாரி வழங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லா டிவிஷன் ஆட்களும் பார்க்க, எண் போட்ட பந்துகளைப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். ஐந்தாவது டிவிஷன் கடைசியாக வந்தது. அடுத்த வசந்தகாலம் வரை காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் தயவுசெய்து எதையும் முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்காதீர்கள், உங்கள் டிவிஷன்தான் எனக்கு அளவுகோல் என்று டாக்டர் ஆஷ்கிராஃப்ட் சார்ஜென்ட்களிடம் தனியாகக் கேட்டுக்கொண்டாள். கிளெண்டா தலையாட்டினாள். அந்த நிமிஷம் அவள் உண்மையாகத்தான் ஆட்டினாள்.

கோடைக்கால முடிவில் ஏதோ வெடிமருந்துக் கணக்குக்காக அகாடமிக்குப் போனவள் வகுப்பறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்து நின்றாள். உள்ளே மூன்றாவது டிவிஷன் உட்கார்ந்திருந்தது. கர்ட்டிஸ் லாண்டிரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நன்றாகவே சொன்னான், அதுதான் கொடுமை. ஸ்க்ரூடிரைவர், டிரையரின் சத்தம், மடிக்கும் மேஜை, எல்லாம் இருந்தன. தன் கை நடுங்கியதைக்கூடச் சொன்னான், சபை சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பதான் நான் அவன்கிட்டச் சொன்னேன், எனக்கு ஒரு அவசரமும் இல்லன்னு" என்றான்.

கூட வந்தவள் என்று கதையில் ஒரு இடத்தில் கிளெண்டாவும் வந்தாள். பெயர் வரவில்லை.

அவள் கதவை மூடிவிட்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்தாள். முகம் சுட்டது. அப்பா இறந்த அன்றுகூட அவளுக்கு இப்படி ஆகவில்லை. இருக்கிற நல்ல பெயரையெல்லாம் எடுத்துக்கொள்ளட்டும், பதவியை எடுத்துக்கொள்ளட்டும், அப்பனுடைய வாயிலிருந்து வந்த வாக்கியத்தையுமா எடுத்துக்கொள்வான்?

மறுநாள் காலை, ஷிஃப்ட் தொடங்குமுன் ஆஜர் எடுக்கும் ரோல் காலில் வழக்கமாகச் சொல்லும் திருட்டுக் கார் எண்களைச் சொல்லி முடித்ததும் கிளெண்டா ஆட்களை அனுப்பவில்லை. லாண்டிரிக் கதையைச் சொன்னாள், தன் கதையாக. அன்றிலிருந்து தினமும் கால் மணி நேரம், மற்ற ஷிஃப்ட்களின் ரோல் காலிலும் போய் நின்று. ஆயுதத்தோடு நிற்கிறவனிடமிருந்து தள்ளி நில், நடுவில் காரின் பானெட்டையோ சுவரையோ வை. தூரம் இருந்தால் நேரம் கிடைக்கும், நேரம் கிடைத்தால் ஆள் சேரும், ஆள் சேர்ந்தால் துப்பாக்கி இல்லாத வழிகள் கையில் இருக்கும். ஒரே ஒரு வாய் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு ஆயத்தமாக நிற்க வேண்டும். அவன் ஓடி ஜனங்கள் மேல் பாய்ந்தால் கதை வேறு, அப்போது யோசித்துக்கொண்டு நிற்கக்கூடாது. இது எதையும் அவள் கர்ட்டிஸிடம் கற்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய டிவிஷனுக்கு அவள் புத்தி சொல்வதை எந்தப் பல்கலைக்கழகம் தடுக்கும்? கர்ட்டிஸ் வந்து வாய் திறப்பதற்கு முன்பே ஐந்தாவது டிவிஷனின் எண்ணிக்கை சரிந்திருக்க வேண்டும், ஹோபர்ட்டின் டிவிஷனுக்கு வாண்டிவர் தேவைப்படவில்லை என்று ஊர் பேச வேண்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

அந்த ஷிஃப்டிலேயே முரடன் மோசஸ் டிராமெல். அவன் கை வைத்த கேஸ்களின் அறிக்கை வேறு எந்த இரண்டு பேருடையதைச் சேர்த்தாலும் மேலே நிற்கும். அவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அளவுக்குத் தகுந்த பலம்னா என்ன சார்ஜென்ட்? அவன் கத்தி எடுத்தா நானும் ஒரு கத்தி வாங்கி வச்சிக்கணுமா?"

"உன்கிட்டக் கத்தியக் குடுத்தா நீயே குத்திக்குவ" என்றாள் கிளெண்டா. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு சொன்னாள்: "அவன் கையில என்ன இருக்குன்னு மட்டும் பாக்காத. அத வச்சு இப்ப யாரை என்ன பண்ண முடியும்னு பாரு. பார்க்கிங் லாட்ல தனியா நிக்கிறவன் கையில வெட்டுக்கத்தி இருந்தா அது ஒண்ணு. அதே கத்தியோட பள்ளிக்கூட வாசல்ல நின்னா அது வேற."

மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் ஆஷ்கிராஃப்ட் ஃபோன் செய்து, டிவிஷனில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று கேட்பாள். எப்போதும் செய்வதைத்தான் செய்கிறோம் என்று கிளெண்டா சொல்வாள். அப்பாவிடம் கற்றதுமுதல் கணக்குப் போட்டால் அது பொய்யில்லை என்று ஃபோனை வைத்த பிறகு நியாயம் தேடிக்கொள்வாள்.

இலை உதிரும் காலத்தில் ஒரு மதியம் டிராமெல்லின் வண்டி, பூட்டிக் கிடந்த தளவாடச் சாமான் கடை ஒன்றின் பின்புறம் போய் நின்றது. ஆர்வில் பெக் என்ற கிழவர் களை வெட்டும் நீளக் கத்தியை வைத்துக்கொண்டு, தன்னைப் புதைக்க ஆட்கள் வருகிறார்கள் என்று காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றி யாருமில்லை. டிராமெல்லைப் பார்த்ததும் அவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். சட்டப்படி அவன் சுட்டிருக்கலாம், கோர்ட்டு கேள்வி கேட்டிருக்காது. டிராமெல் பின்னால் நகர்ந்தான், இன்னும் நகர்ந்தான், வண்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனான். உதவிக்கு வந்தவர்களைக் கையைக் காட்டி ஒதுங்க வைத்தான். பானெட்டின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, தனக்கு ஒரு அவசரமும் இல்லை, இருவரும் இன்றைக்குப் பூரா இங்கேயே நிற்கலாம் என்றான். பெக் காலணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டிராமெல் காலணியைப் பற்றிப் பதில் சொன்னான். பொழுது சாய்வதற்குள் கத்தி தரையில் கிடந்தது, பெக் ஆம்புலன்ஸில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டார்.

கிளெண்டா அன்று வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு போனாள். டேல் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

குளிர்காலத்தில் இடைக்கால முடிவு வந்தது. ஒரு பெரிய அறையில் எல்லோரையும் கூட்டி டாக்டர் ஆஷ்கிராஃப்ட் வரைபடத்தைப் போட்டுக் காட்டினாள். கிளெண்டா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பயிற்சி பெற்ற நான்கு டிவிஷன்களிலும் பலப்பிரயோகம் நன்றாகக் குறைந்திருந்தது. ஐந்தாவது டிவிஷனின் கோடு வந்ததும் அவள் இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அது மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு இறங்கியிருந்தது. இப்போது ஹோபர்ட் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

டாக்டர் ஆஷ்கிராஃப்ட் பேனாவை மூடித் திறந்தாள். முதல் மாதங்களில் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் நல்ல வித்தியாசம் தெரிந்தது, இலையுதிர்காலத்தில் அது மறைந்துவிட்டது என்றாள். பயிற்சியே பெறாத டிவிஷனும் அதே அளவு குறைந்திருக்கிறது. அப்படியானால் ஊர் முழுக்க வேறு ஏதோ காரணத்தால் குறைந்துகொண்டிருக்கிறது, பயிற்சியால் என்று சொல்லத் தன்னால் முடியாது. அழைப்புகள் குறைந்ததாக இருக்கலாம், செய்தித்தாள்களின் கவனமாக இருக்கலாம், சீதோஷ்ணமாகக்கூட இருக்கலாம் என்றாள்.

சீதோஷ்ணம். ஐந்து மாதம் தினமும் தொண்டை வறளக் கத்தியதற்குக் கிளெண்டாவுக்குக் கிடைத்த பெயர் அதுதான். அந்த அறையில் அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் கர்ட்டிஸின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதை மறைப்பானேன். அவன் வெளுத்துப்போயிருந்தான். சங்கத் தலைவர் ஹார்லன் கிரிப்ஸ் அங்கேயே எழுந்து, பலிக்காத பயிற்சிக்கு நகரசபை எதற்குச் செலவழிக்க வேண்டும், அதைத் தூக்கிவிட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த அளவு விதியையும் கையேட்டிலிருந்து எடுத்துவிடலாம், சட்டம் கேட்பது போதும் என்றார். அடுத்த வாரம் நகரசபைக் குழு முடிவு செய்யும் என்று அறிவித்தார்கள்.

குழு கூடுவதற்கு முந்தின நாள் மதியம் கர்ட்டிஸ் ஐந்தாவது டிவிஷனுக்கு வந்து கதவைச் சாத்தினான். டிராமெல்லுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கலாமா என்று பார்க்கும் குழுவில் அவனும் இருந்தான். அதற்காக டிராமெல் மார்பில் மாட்டியிருந்த கேமராவின் பதிவைப் பார்த்திருக்கிறான். உட்காரக்கூட இல்லை.

"பானெட்டு மேல கைய வச்சிக்கிட்டு அவன் சொன்னான் பாரு," என்றான், "அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என் வகுப்புக் குரல் இல்ல."

கிளெண்டா மேஜைமேல் கிடந்த அறிக்கைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"எப்ப ஆரம்பிச்ச?"

"மூணாவது டிவிஷனுக்கு நீ கதை சொன்னதுக்கு மறுநாள். கதவுக்கு வெளியிலதான் நின்னேன்."

கர்ட்டிஸ் ரொம்ப மெதுவாக, "என் பேர்ல இந்தப் பயிற்சி உயிரோட இருக்கிறதவிட செத்துப்போனாலே உனக்குத் தேவலைன்னு தோணுச்சு. அதான?" என்றான்.

"ஆமா," என்றாள் கிளெண்டா. "தோணுச்சு. நீ என் அப்பன் சொன்னத உன் வாயில போட்டுக்கிட்டு பதவி வாங்கப் பாத்தியே, எனக்கு அடிவயிறு எரியாதா?"

அவன் அதை மறுக்கவில்லை. தான் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றான். தான் போய்ச் சொன்னால் பதவிக்காகச் சொல்கிறான் என்பார்கள், தோற்றவன் சாக்குச் சொல்வதாக இருக்கும். சொல்வதென்றால் அவள்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனான். போகும்போது அவன் முதுகு சற்றுக் கூனியிருந்தது, அதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

மறுநாள் நகரசபைக்கு அவள் போனது வேடிக்கை பார்க்கத்தான். கிரிப்ஸ் கர்ட்டிஸை நார் நாராகக் கிழிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நல்ல சட்டைகூடப் போட்டுக்கொண்டாள். வழியில் சிக்னலில் வண்டி நின்றபோது பஸ் நிறுத்தத்தில் ஆர்வில் பெக் உட்கார்ந்திருந்தார். மருந்து எடுத்துக்கொள்கிறார் போலிருந்தது, முகம் தெளிந்திருந்தது. புதுக் காலணி போட்டிருந்தார். காலை முன்னால் நீட்டி, அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். போலீஸ் வண்டியைப் பார்த்ததும் காலை இன்னும் கொஞ்சம் தூக்கி அவளுக்கும் காட்டினார்.

பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். விளக்குப் பச்சையாகிவிட்டிருந்தது.

குழுக் கூட்டத்தில் கிரிப்ஸ் நன்றாகத்தான் பேசினார். அளவு விதி போலீஸ்காரனைத் தயங்க வைக்கும், தயங்குகிறவன் சவப்பெட்டியில் போவான் என்றார். கத்தியோடு நடந்து வருகிறவனைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது, அதற்கு மேல் இலாகா கேட்பது அநியாயம் என்றார். கிளெண்டாவின் காதில் கிரிப்ஸின் பேச்சு விழுந்தது, கண்ணில் அந்தக் காலணிதான் நின்றது. விதி போய்விட்டால் இன்னொரு டிராமெல் பின்னால் நகரமாட்டான். ஏன் நகர வேண்டும்? பொதுமக்கள் பேசலாம் என்று தலைவர் சொன்னபோது அவள் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் தான் எழுந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

ஐந்தாவது டிவிஷன் பயிற்சி பெறாத டிவிஷன் இல்லை என்று அவள் சொன்னாள். கோடைக்கால முடிவிலிருந்து தினமும் தானே சொல்லிக்கொடுத்ததாகவும், சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்ட பிறகும் செய்ததாகவும், டாக்டர் கேட்டபோதெல்லாம் மழுப்பியதாகவும் சொன்னாள். கூட்டம் சலசலத்தது. கிரிப்ஸ் திரும்பி, "எதுக்கு சார்ஜென்ட் அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"பொறாமை," என்றாள் கிளெண்டா. "வேற ஒண்ணுமில்ல."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஆஷ்கிராஃப்ட் கோபத்தில் கழுத்துவரை சிவந்துபோனாள். அளவுகோலையே வளைத்துவிட்டு இப்போது வந்து சொல்கிறீர்களே என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். ஐந்தாவது டிவிஷனுக்குப் பயிற்சி எப்போது தொடங்கியது என்பதைத் திருத்திக் கணக்கிட்டுப் பார்க்கிறேன், ஆனால் முதல் முடிவைத் தூக்கி எறிய மாட்டேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஏன் இரண்டு என்றும் எழுதுவேன் என்றாள். குழு முடிவைத் தள்ளிவைத்தது. அவள் சொன்னபடியே செய்தாள். ரோல் கால் எல்லாவற்றையும் அங்கே இருந்தவர்களிடம் தனித்தனியாக விசாரித்து, தேதியைச் சரிபார்த்து, திருத்திய கணக்கைப் போட்டாள். அதில் வித்தியாசம் மறுபடி தலைகாட்டியது. உறுதியாகச் சொல்ல இன்னும் ஒரு வருஷம் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பயிற்சி இன்னொரு வருஷத்துக்கு நீடித்தது, அளவு விதி கையேட்டிலேயே இருந்தது. அறிக்கையில் கிளெண்டாவின் பெயர் இல்லை. ஒரு டிவிஷனில் பயிற்சி முன்கூட்டியே கசிந்துவிட்டது என்று போட்டிருந்தது.

கசிவுக்குத் தண்டனையாக அவளுக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது, அதோடு அவளுடைய மனுவும் தள்ளுபடியாயிற்று. கர்ட்டிஸ் கேப்டன் ஆனான். அவனுக்கு விருந்து வைத்தார்கள், கிளெண்டாவுக்கு அன்று நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

வசந்தகாலத்தில் குலுக்கலின்படி ஐந்தாவது டிவிஷனின் முறை வந்தது. தெரிந்ததையே மறுபடி எதற்கு என்று டிராமெல் முனகியதற்கு, முழுப் பயிற்சி முறைப்படி முடிந்தால்தான் கணக்கில் சேரும் என்று கிளெண்டாவே அவனை அதட்டி உட்கார வைத்தாள். தான் கடைசி வரிசையில், சுவரோரம், எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கர்ட்டிஸ் புதுப் பட்டையோடு முன்னால் நின்றான். அவன் கேலிப் பேச்சுக்குச் சிரித்தார்கள், கேள்வி கேட்டார்கள், அவன் எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். நன்றாகவே வகுப்பெடுத்தான். அவள் சொல்லாத விஷயங்கள் நிறைய அவனிடம் இருந்தன என்பது அவளுக்கு உறைத்தது, அதுவும் பிடிக்கவில்லை.

பிறகு லாண்டிரிக்கு வந்தான். ஸ்க்ரூடிரைவர் வந்தது, நடுங்கிய கை வந்தது, மேஜை வந்தது. அவன் குரலைத் தாழ்த்துவதற்கு முன்பே டிராமெல்லின் கட்டைக்குரல் கிளம்பிவிட்டது: "எனக்கு ஒரு அவசரமும் இல்ல." மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள், அவளுடைய இழுப்போடு, அவள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி. சொல்லி முடித்துவிட்டு ஒருவர் பாக்கியில்லாமல் திரும்பி, கடைசி வரிசையைப் பார்த்தார்கள்.

கர்ட்டிஸும் பார்த்தான். அவன் கையில் இருந்த ரிமோட்டை மேஜையில் வைத்தான்.

"அத நான் சொல்லல," என்றான். "நான் துப்பாக்கியப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிட்டு இருந்தேன். சொன்னது சார்ஜென்ட் ஹோபர்ட். அவங்க அப்பாகிட்டக் கத்துக்கிட்டாங்க. இத்தன வருஷமா நான் அந்த இடத்துல பொய் சொல்லிக்கிட்டு இருக்கேன், கிளெண்டா. எனக்கு உன்ன மாதிரி ஆகணும்னு ஆசை இருந்துச்சு. அவ்வளவுதான். என்ன மன்னிச்சிடு."

டிராமெல்லின் கண்கூடக் கலங்கியிருந்தது. கர்ட்டிஸின் குரல் உடையவில்லை, கெஞ்சவுமில்லை, சரியான இடத்தில் தொடங்கிச் சரியான இடத்தில் முடித்திருந்தான். நகரசபையில் தான் திக்கித் திணறிச் சொன்னது கிளெண்டாவுக்கு ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்பதைக்கூடத் தன்னைவிட இவன் நன்றாகச் செய்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.